தம்பியின் ஆர்ட்டிகிள்ஸ் கணக்கு

என் வீட்டுக்காரர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார், அவ்வளவுதான். அதற்கே தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர்மார் பயந்தார்கள்.

இலங்கை மலையகத்து அட்டனில், ஸ்டேஷனுக்கு ஏறுகிற ரோட்டில் ஒரு கணக்காளர் கந்தோர், அதாவது ஆபிஸ், இருந்தது. கொழும்பில் இருந்த கம்பெனி ஒன்றின் கிளை அது. சுற்றி இருந்த தேயிலைத் தோட்டங்களின் கணக்குகளைச் சரிபார்த்து ஓடிட் பண்ணுவது அங்கே வேலை. இவர் அங்கே தலைமைக் கிளாக்கர். முன்னறை கந்தோர். பின்னால் இருந்த இரண்டு அறையும் சமைக்கிற குசினியும் எங்களுக்கு. நடுவே ஒரு கதவு, அதில் நான் தைத்துப் போட்ட திரை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். கந்தோருக்குள் யாராவது இருந்தால் திரையைத் தாண்டிப் போக மாட்டேன். கூச்சம். இந்த வயதிலும் அது போகவில்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றே அந்தத் தொழிலின் பேச்சை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கந்தோருக்கு ஓடிட் உதவியாளர் ஒருவர் வேண்டுமென்று பத்திரிகையில் அறிவித்தல் போட்டார்கள். அதற்கு மனுப் போட்டவர்களில் என் தம்பியும் ஒருவன். ஒரே தம்பி. எங்கள் அப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. தம்பியை அட்டனில் இங்கிலீஷ் படிக்க வைத்து, பிறகு கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஒரு கணக்காளரின் கீழ் சார்ட்டர்ட் கணக்காளர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படிப்பு மற்றப் படிப்புகள் மாதிரி இல்லை. இன்டர்மீடியட், ஃபைனல் என்று இருக்கிற சோதனைகளைப் பாஸ் பண்ணினால் மட்டும் ஆகாது. ஒரு கணக்காளரிடம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைக் கொழும்பில் உள்ள கணக்காளர் கழகத்தில் பதிந்து, ஐந்து வருடம் அவரிடம் வேலை பழக வேண்டும். அதைத்தான் ஆர்ட்டிகிள்ஸ் என்பார்கள். முடிந்ததும், இவன் ஒழுங்காக இருந்தான், நேர்மையாக இருந்தான் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதாவிட்டால் எத்தனை சோதனை பாஸ் பண்ணியும் பிரயோசனமில்லை.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஐந்து வருடம் கிடைக்கவே இல்லை. பதினெட்டு வயதில் கந்தோரில் உட்கார்ந்தவர். யாரும் இவரோடு ஒப்பந்தம் எழுதவில்லை. இவரைவிட இளையவர்கள் வந்து, இவரிடமே கூட்டல் கழித்தல் சரிபார்க்கப் பழகி, ஒப்பந்தம் முடித்துக் கணக்காளராகிப் போனார்கள். போகும்போது இவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். அன்று ராச்சாப்பாட்டில் இவருக்கு உப்பு இருக்காது, அல்லது கூடியிருக்கும். என்ன செய்தாலும் குற்றம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனுக்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தார். பெரியவர் வருவதற்கு முன் தரம் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதி வைப்பது இவருடைய வேலை. பெரியவர் என்றால் அந்தக் கந்தோரின் பங்குதாரரான கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர். மாதத்தில் சில நாள் கொழும்பிலிருந்து வந்து போவார்.

"இங்க வா. இதப் பாரு" என்றார். ஒரு விவரத்தாளைத் தட்டிக் காட்டினார். இங்கிலீஷில் இருந்தது. எனக்கு என்ன தெரியும்?

"என்னங்க அது?"

"உன் தம்பியோட பெருமை. இன்டர்மீடியட் பாஸாம். ஃபைனல்ல மொத பகுதி பாஸாம். ரெண்டாவது பகுதி எழுதினானாம், வரலையாம். திரும்ப எழுதப் போறானாம். ஃபெயிலானத எவனாச்சும் எழுதுவானா? பெரிய அரிச்சந்திரன்."

"மறைச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

"நீ வாய மூடு. மறைச்சதும் இருக்கு. இதக் கேளு." தமிழில் சொன்னார். இன்ன கந்தோரில் ஐந்து வருடமாக வேலை, ஆர்ட்டிகிள்ஸ் நடந்துகொண்டிருக்கிறது என்று தம்பி எழுதியிருந்தான். "அஞ்சு வருஷமாம்! படிக்கிறவன் என்ன நெனப்பான்? ஆர்ட்டிகிள்ஸ் முடியப் போகுதுன்னுதானே? அவன் மொத ஒரு வருஷத்துக்கு மேல சும்மா எடுபிடியா உக்காந்திருந்தான். அப்புறம்தான் ஆர்ட்டிகிள்ஸ் பத்திரம் எழுதினான். உங்க அப்பன் தேங்காய் உடைச்சு ஊரக் கூட்டினானே, மறந்துட்டியா? பத்திரம் எழுதின நாள்லேருந்துதான் கணக்கு. இன்னும் ஒரு வருஷமும் சொச்சமும் பாக்கி கெடக்கு."

எனக்கு உடனே விளங்கியது. தோட்டத்தில் அப்படித்தான். ஒருவனுடைய உழைப்புக் காலம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு முதல்முதலாக அவன் பேரைக் கூப்பிட்ட நாளிலிருந்து எண்ணப்படும். எங்கள் அப்பா எண்ணியது அப்படி, அவருடைய அப்பா எண்ணியது அப்படி. தம்பியும் கந்தோரில் போய் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து எண்ணிவிட்டான்.

"அவன் பொய் சொல்லலீங்க. பெரட்டுக் கணக்கா எழுதிட்டான்" என்றேன்.

"பெரட்டுக் கணக்கு! கொழுந்து பறிக்கவா போறான்?" பென்சிலை எடுத்தார். ஐந்து வருடம் என்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் ஏதோ எழுதினார். இரண்டே சொல். படித்தும் காட்டினார்: பொய்யான விவரம். ஃபெயில் என்ற இடத்தில் ஒரு கோடு. மேலே ஓரத்தில் இன்னும் ஏதோ எழுதினார்.

"அது என்னங்க?"

"பிரஜாவுரிமை இருக்கான்னு கேட்டு எழுதுறேன்."

"அறிவித்தல்ல அது கேட்டிருக்காங்களா?"

"கேக்கலன்னா என்ன? தோட்டத்துப் பயல் தானே. கேட்டு வைப்போம்."

தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்கு அந்தக் காலத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை. இவரும் தோட்டத்துப் பயல்தான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். நான் அதைச் சொல்லவில்லை.

"பெரியவருக்கு அவன் நம்ம தம்பின்னு தெரியுமாங்க?"

"தெரியாது. தெரியவும் வேணாம். மச்சினனுக்கு எடம் பிடிச்சுக் குடுத்தான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அவன் வர்ற அன்னிக்கு நீ முன்பக்கம் தலை காட்டாத. அவனையும் பின்னால கூப்பிடாத. சொல்லிட்டேன்." பிறகு இன்னொரு தாளை எடுத்து டைப் மெஷினில் மாட்டினார். தம்பி வேலை பழகுகிற கொழும்புக் கணக்காளருக்குக் கடிதம். உங்களிடம் ஆர்ட்டிகிள்ஸில் இருக்கும் இன்னார் எங்களிடம் மனுப் போட்டிருக்கிறார், ஐந்து வருடம் என்கிறார், உண்மையா என்று. பெரியவரின் கையெழுத்துக்கு வைத்துவிட்டார்.

அந்தக் கடிதம் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். தம்பி தன் கணக்காளரிடம் சொல்லாமல்தான் மனுப் போட்டிருப்பான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. ஒப்பந்தத்தில் இருக்கிறவன் அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு வேலை பார்க்க முடியாது. சொல்லாமல் வேலை தேடினான், அதிலும் பொய் எழுதினான் என்று வேற்றுக் கந்தோரிலிருந்து கடிதம் போனால், இவன் நேர்மையானவன் என்று அவர் எப்படி எழுதிக் கொடுப்பார்? அட்டன் வேலை போனால் போகட்டும். நாலு வருடத்துக்குக் கிட்டப் பழகினதும் பாஸ் பண்ணினதும் சேர்ந்து போகும்.

அவனுக்கு ஒரு தந்தி அடிக்கலாமென்று நினைத்தேன். தபால் கந்தோருக்குத் தனியாகப் போய் அந்த ஜன்னலில் நின்று பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்டர்மீடியட் பாஸானவர்களைப் பெரியவர் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்த நாளில் நல்ல மழை. காலை ரயில் பிந்தி வந்தது. நான் குசினியில் இருந்தேன். இரண்டு பேர் வந்திருந்தார்கள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. முதலில் ஒரு கண்டிக்காரர் போய் வந்தார். பிறகு தம்பியின் குரல் கேட்டது. இங்கிலீஷில் கொஞ்சம், பிறகு தமிழ்.

பெரியவர் உரத்துப் பேசுகிறவர். "நீர் அஞ்சு வரியம் எண்டு எழுதியிருக்கிறீர். எந்தத் தேதியிலை இருந்து?"

தம்பி தான் கந்தோருக்குப் போன வருடத்தைச் சொன்னான்.

"அது நீர் கதிரையிலை இருந்த நாள். பத்திரம் எப்ப பதிஞ்சது?"

தம்பி தேதி சொல்வதற்குள் இவருடைய குரல் வந்தது: "நான்தான் குறிச்சு வச்சிருக்கேனே சேர். பொய்யான விவரம். கடிதமும் ரெடி."

"பொய் இல்லீங்க" என்றான் தம்பி. "அன்னையிலேருந்துதான் அங்க வேலை செய்யிறேன். ஆர்ட்டிகிள்ஸ் நடக்குதுன்னு தனியா எழுதியிருக்கேன்."

"ரெண்டையும் ஒரே வரியில போட்டா யாருக்கு என்ன விளங்கும்? வேணும்னே போட்டது" என்றார் இவர். "தோட்டத்துல பெரட்டுல பேர் கூப்பிட்ட மாதிரின்னு நெனச்சீங்களோ?"

தம்பியை 'நீங்க' என்றார். வீட்டில் 'டேய்' என்று கூப்பிடுகிற வாய்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி கொண்டு போகிற பியோன் கிழவர் ரயிலில் வந்த பெட்டிகளை இறக்கப் போயிருந்தார். இவர் திரைக்குள் தலையை நீட்டி, "வாசல்ல வச்சிட்டுப் போ, நான் எடுத்துக்கிறேன்" என்று பல்லைக் கடித்தார். நான் தட்டை வாசல் ஓரத்தில் இருந்த ஸ்டூலில் வைக்கக் குனிந்தேன். காற்றுக்குத் திரை ஒதுங்கியது.

தம்பி என்னைப் பார்த்துவிட்டான். கதிரையை விட்டு எழும்பினான். "அக்கா" என்றான்.

அவனுக்கு அது தானாக வந்தது. சின்ன வயதிலிருந்து என்னைக் கண்டால் எழும்புவான். அப்பா அடித்துப் பழக்கிய பழக்கம். தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். உள்ளே ஓடலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை. நின்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆருக்கு அக்கா?"

இவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உம்மட மனிசிதானே அது?" என்று இவரைக் கேட்டார். "அப்ப இவர் உமக்கு?"

"மச்சினன் முறை சேர்" என்றார் இவர்.

"முறை எண்டால்? சொந்தத் தம்பியோ, ஒண்டுவிட்டதோ?"

"சொந்தத் தம்பிதான்."

"நீர் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நான் அவனுக்காகப் பேசுறேன்னு நெனப்பீங்கன்னு..."

"நீர் பேசின பேச்சைப் பாத்தால் ஒருத்தரும் அப்பிடி நினைக்கமாட்டினம்." தம்பி பக்கம் திரும்பினார். "நீர்? உமக்கு மச்சான் இஞ்சைதான் இருக்கிறார் எண்டு தெரியும்தானே. ஏன் எழுதேல்லை?"

"அவரு பேரச் சொல்லி வேலை கேக்கக் கூடாதுன்னு நெனச்சேங்க."

"ரெண்டு பேருக்கும் நல்ல யோசனைதான்! எனக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறதில்லை. ஓடிட் செய்யிற ஆக்கள்!" மேசையில் ஓங்கித் தட்டினார். என் தட்டில் கோப்பைகள் குலுங்கின. என்னை உட்கார் என்றோ போ என்றோ அவர் சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அந்த விவரத்தாளைக் கையில் எடுத்தார். சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்திரிகைத் துண்டைப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன, பிரஜாவுரிமை? நாங்கள் கேட்டனாங்களோ?"

"இல்ல சேர்."

"கேளாததுக்கு ஏன் குறிச்சனீர்? ரெண்டாம் பகுதி ஃபெயில் எண்டு கோடு. இன்டர்மீடியட் கட்டாயம் எண்டு போட்டிருக்கு. அது இருக்கு. ஃபைனலிலை ஒரு பகுதி இருந்தால் விரும்புவம் எண்டு போட்டிருக்கு. அதுவும் இருக்கு. ரெண்டாம் பகுதியை நாங்கள் கேக்கேல்லை. அவர் தானாச் சொன்னதுக்கு நீர் கோடு போடுறீர்." இந்தக் குரலில் இவரிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்ததா என்றால், இல்லை. இதற்கெல்லாம் பிறகு வீட்டில் கணக்குத் தீர்ப்பார் என்றுதான் மனதில் ஓடியது.

பெரியவர் தம்பியையும் விடவில்லை. "அவர் பிழை பிடிச்ச இடம் மட்டும் சரி. விளங்குதோ? அஞ்சு வரியம் எண்டு எழுதி, கீழை பத்திரத் தேதியைப் போடாமல் விட்டால் வாசிக்கிறவன் ஏமாறுவான். நாளைக்கு ஒரு தோட்டத்தின்ரை கணக்கிலை இப்பிடி ஒரு வரி கண்டால் நீர் விடுவீரோ?"

"விடமாட்டேன் சேர்."

"அப்ப? பொய் எண்டு நான் சொல்லேல்லை. கவலையீனம், கவனமில்லாத வேலை. ஆர்ட்டிகிள்ஸ் இன்னும் எவ்வளவு கிடக்கு?"

தம்பி சொன்னான். ஒரு வருடமும் சில மாதங்களும்.

"நாங்கள் கேட்டது ஆர்ட்டிகிள்ஸ் முடிச்ச ஆள். இல்லாட்டி ஆறு மாசத்துக்குள்ளை முடிக்கிற ஆள். நீர் அதுக்குள்ளை வரமாட்டீர்."

தம்பி மெதுவாகக் கேட்டான். "ஒப்பந்தத்த உங்க பேருக்கு மாத்திக்கலாம்னு கேள்விப்பட்டேன் சேர். மீதிக் காலத்த உங்ககிட்டப் பழகலாமே? செஞ்ச காலம் வீணாகாதாமே."

"மாத்தலாம். உம்மட கணக்காளர் சம்மதிக்கோணும், கழகத்திலை பதியோணும். ஆனால் ஒரு கணக்காளர் இத்தனை பேரைத்தான் வைச்சிருக்கலாம் எண்டு கட்டுப்பாடு இருக்கு. எனக்கு ஆக்கள் நிரம்பீட்டுது. சரி, நீர் இஞ்சை வந்தது அவருக்குத் தெரியுமோ?"

தம்பி தலையைக் குனிந்தான். "தெரியாதுங்க."

"அப்ப நான் உம்மோடை இவ்வளவு கதைச்சதே பிழை. இன்னொருத்தருக்குக் கீழை இருக்கிற பிள்ளையை அவருக்குத் தெரியாமல் இழுக்கிறது எங்கட தொழிலிலை வழக்கமில்லை."

இவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதனாலதான் சேர் கடிதம்..." என்று தாளை நகர்த்தி வைத்தார்.

பெரியவர் அதை வாசித்தார். தம்பி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது, இனிப் பேச்சு அட்டன் வேலையைப் பற்றி இல்லை, தன் ஆர்ட்டிகிள்ஸைப் பற்றி என்று.

நான் வாய் திறந்தேன். ஏன் திறந்தேன், எப்படித் திறந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. "அது போனா அவனுக்குச் சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்கய்யா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பெரியவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியும் பிள்ளை. நீர் தேத்தண்ணியை வையும்."

வைத்தேன். பாதி சாசரில் கிடந்தது.

"இது போகாது" என்று இவரிடம் சொன்னார். கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். "ஆளை எடுக்கிறதெண்டு முடிவானால்தான் பழைய இடத்திலை விசாரிக்கிறது. எடுக்கப் போறதில்லை எண்டால் விசாரிக்க நாங்கள் ஆர்? உம்மட குறிப்பு எழுதின தாளை ஃபைலிலை வைக்க ஏலாது. அவரிட்டைத் திருப்பிக் குடும். அவர் இருந்து சுத்தமா வேறை எழுதித் தரட்டும். பத்திரத் தேதியோடை. அதிலை 'ஆர்ட்டிகிள்ஸ் முடியேல்லை, தகுதியில்லை' எண்டு நான் என்ரை கையாலை எழுதுவன். அதுக்கு மேலை ஒண்டும் எழுதப்படாது."

தம்பி அந்த மேசையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினான். இவர் எதிரில் உட்கார்ந்து வேறு ஃபைலைப் புரட்டினார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் மச்சானிடம் கொடுக்காமல் நேரே பெரியவரிடம் கொடுத்தான். சிவப்புக் கோடு போட்ட பழைய தாளைக் கிழித்துத் துண்டாக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

வேலை அந்தக் கண்டிக்காரருக்குத்தான் போனது. அவர் ஃபைனலில் ஒன்றும் பாஸ் பண்ணவில்லை. இன்டர்மீடியட் மட்டும்தான். ஆனால் ஆர்ட்டிகிள்ஸ் முடித்திருந்தார்.

தம்பி கிளம்பும்போது பின்வாசல் பக்கமாகச் சுற்றி வந்தான். சோறு போடுகிறேன் என்றேன்.

"இந்த வீட்டுல வேணாங்க்கா."

"நான் ஆக்கின சோறுடா."

"மச்சான் எழுதின ரெண்டு சொல்லு என்னை முடிச்சிருக்கும். வேலைக்கு வந்தவன வேலைக்கு லாயக்கில்லன்னு சொல்லியிருக்கலாம். பொய்யன்னு எழுதுறதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவரு பிடிச்ச பிழை சரிதான். அதுதான் வயிறு எரியுது."

மழையில் இறங்கிப் போய்விட்டான். ஒன்றும் தின்னாமல்தான் போனான்.

பெரியவரும் போன பிறகு இவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "உன் தம்பி தப்பிச்சான்."

"வேலை கிடைக்கலீங்களே" என்றேன்.

"உன்னாலதான் எல்லாம். தலை காட்டாதன்னு சொன்னேன்ல? இன்னிக்கு என்னை ஒரு பயலா நிக்க வச்சிட்டீங்க அக்காளும் தம்பியும்."

நான் குழம்பை ஊற்றினேன். சொல்ல நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கந்தோருக்கு வருகிற மனுக் கடிதங்களை உடைக்காமல் கொழும்புக்கு அனுப்பும்படி உத்தரவு வந்தது. தரம் பிரிக்கிற வேலை இவரிடமிருந்து போய்விட்டது. ஒவ்வொரு முறை கடித உறைகளைக் கட்டி ரயிலுக்கு அனுப்பும்போதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாரு, உன் தம்பி பண்ணின வேலை" என்பார். தம்பி அந்தப் பழைய கணக்காளரிடமே மீதிக் காலத்தையும் பழகி முடித்தான். அவர் ஒரு குறையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தாராம். அந்தச் செய்தியை அப்பாதான் வந்து சொன்னார், குசினி வாசலில் நின்றபடி. முன்னறையில் இவர் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார். நானும் மெதுவாகத்தான் கேட்டுக்கொண்டேன்.